பிசிராந்தையார் பெயரில் ஆந்தை எங்கிருந்து வந்தது? (சங்கப் புலவர் பெயர்களைப் பிரிப்பது பற்றி)

மலைப்பாதை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்கள் பள்ளிச் சுவருக்குச் சங்கப் புலவர் பெயர் அட்டவணை ஒன்று தயாராகிறது. இருபது பெயர்கள். ஊர், தொழில், தந்தை பெயர், சொந்தப் பெயர், கடைசியில் வரும் மரியாதை விகுதி, இப்படி ஒவ்வொரு பெயரையும் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கிறோம். பக்கத்திலேயே, அந்தப் பகுதி இன்றைய பெயர்களில் எங்கே தொடர்கிறது என்று ஒரு கட்டம்.

"மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்" மாதிரிப் பெயர்களில் சிக்கல் இல்லை. மதுரை ஊர், அறுவை வாணிகன் என்றால் துணி வியாபாரி, வேட்டன் சொந்தப் பெயர். நாங்கள் நிற்பது நான்கு பெயர்களில்: பிசிராந்தையார், நக்கீரனார், சேந்தம்பூதனார், உருத்திரங்கண்ணனார். பிசிர் என்பது ஊர் என்று தெரிகிறது. மீதி "ஆந்தை" என்று நிற்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் ஆந்தைப் படமே வரைந்துவிட்டார்கள். அதை விடலாமா, அழிக்கவேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

அழிக்கவேண்டாம் டீச்சர். சங்கப் புலவர்களுக்குப் பறவையால் பெயர் வருவது வழக்கம்தான். காக்கைபாடினியார் இருக்கிறார், குப்பைக்கோழியார் இருக்கிறார், கூகைக்கோழியார் இருக்கிறார். கூகை என்பதே ஆந்தை வகை. அந்த வரிசையில் பிசிர் ஊர் ஆந்தையார். படம் சரியாகவே இருக்கிறது.

புள்ளிமயங்கியல்

படத்தை அழித்துவிடுங்கள் டீச்சர், அது பறவை இல்லை. செவ்வாய்ப்பேட்டை சார் சொன்ன மூன்று பெயர்களும் உண்மை, ஆனால் அவை வேறு வகை. குப்பைக்கோழியார் என்ற பெயர் குறுந்தொகை 305இல் வரும் "குப்பைக் கோழித் தனிப்போர்" என்ற உவமையிலிருந்து எடுத்தது. கூகைக்கோழியார் பெயர் புறநானூறு 364இல் வரும் கூகைக் கோழியிலிருந்து. காக்கைபாடினியார் குறுந்தொகை 210இல் காக்கையைப் பாடியவர், அவருடைய இயற்பெயர் நச்செள்ளை. செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார் எல்லாம் இதே வகைதான். சொந்தப் பெயர் தெரியாமல் போன இடத்தில், பாட்டில் மனதில் நின்ற தொடரை எடுத்துப் பெயராக வைத்திருக்கிறார்கள். இந்த வகையைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும்: பெயரில் உள்ள சொல் அவர் பாட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிசிராந்தையார் பாட்டில் ஆந்தை என்ற சொல் வருகிறது. ஆனால் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். புறநானூறு 67இல் அன்னச் சேவலை உறையூருக்குத் தூது அனுப்புகிறார். அங்கே போய், "இரும்பிசிர் ஆந்தை அடியுறை" என்று சோழன் காதில் விழச் சொல்லு, அவன் உன் பேடைக்கு நல்ல அணிகலன் கொடுப்பான் என்கிறார். அதாவது "நான் பிசிர் ஊர் ஆந்தையின் ஆள் என்று சொல்." ஆந்தை அங்கே அவர் தன்னைக் குறிக்கும் பெயர். பறவை எதுவும் அந்தப் பாட்டில் ஆந்தையாக இல்லை, இருப்பது அன்னம்.

இனி அந்தப் பெயர் எப்படி உருவானது என்று பார்ப்போம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புள்ளிமயங்கியலில் இதற்கென்றே நூற்பாக்கள் இருக்கின்றன. ஓர் ஆளின் பெயருக்குப் பின்னால் "தந்தை" என்ற முறைப்பெயர் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறது. சாத்தனை எடுத்துக்கொள்வோம்.

சாத்தன் + தந்தை. "தந்தை"யின் முதல் மெய்யான த் போய்விடும், அகரம் நிற்கும். ஆக அது "அந்தை" ஆகிறது. "சாத்தன்" தன் கடைசி "அன்"ஐ இழக்கும், சாத்த் என்று நிற்கும். இரண்டையும் சேர்த்தால் சாத்தந்தை. பொருள்: சாத்தனுக்குத் தந்தை. புறநானூறு 80 முதல் 82 வரை பாடிய சாத்தந்தையார் பெயர் இதுவேதான். கீரன் இதே வழியில் போனால் கீரந்தை. பரிபாடலில் கீரந்தையார் இருக்கிறார்.

ஆதன், பூதன் இரண்டுக்கும் மட்டும் தனி விதி:

ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு
பெயரொற்று அகரம் துவரக் கெடுமே

மேலே சொன்ன மாற்றம் எல்லாம் நடந்த பிறகு, இந்த இரண்டு பெயர்களில் இன்னும் ஒரு படி உண்டு. ஆதன் "அன்" இழந்து ஆத் ஆகிறது. அதன் பின்னால் அந்தை. இப்போது பெயரின் ஒற்றான த், அந்தையின் அ இரண்டும் சேர்ந்து போய்விடும். மிச்சம் ஆ, ந்தை. ஆந்தை. பூதன் இதே வழியில் பூந்தை.

அட்டவணையில் எழுதவேண்டியது: பிசிர் (ஊர்), ஆதன் (மகன் பெயர்), தந்தை (முறை), ஆர் (மரியாதை). சிறைக்குடி ஆந்தையார், ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார் இருவரும் இதே அச்சு. மூவருக்கும் முன்னால் ஊர் நிற்கிறது. ஊர் ஊருக்கு ஓர் ஆந்தை இருந்ததால் எந்த ஊர் ஆந்தை என்று சொல்லவேண்டியிருந்தது.

அஸ்தம்பட்டி தாத்தா

நல்ல விஷயம் பேசுகிறீர்கள். எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான், "ஆ"வில் ஆரம்பிக்கும் சங்ககாலப் பெயர் தேடுகிறோம். இங்கே ஆந்தை என்று பார்த்தேன். அதை வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்கள் இல்லையா? அதற்குப் பதில் "ஆதனார்" என்று பதிவு செய்யலாமா? நக்கீரனார், மருதனார் என்றெல்லாம் இருப்பதால் அதுவும் முழுப் பெயர்தானே?

மலைப்பாதை டீச்சர்

தாத்தா, வாழ்த்துகள். நாங்கள் கேட்டது அட்டவணை பற்றி. ஆனால் உங்கள் கேள்வியும் எங்கள் ஐந்தாவது நிறத்தைப் பற்றியதுதான். "ஆர்" பெயரின் பகுதியா, வெளியிலிருந்து ஒட்டியதா?

புள்ளிமயங்கியல்

வெளியிலிருந்து ஒட்டியதுதான். தாத்தா, பேரனுக்கு ஆந்தை வேண்டவே வேண்டாம், கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. அதன் பொருள் "ஆதனின் அப்பா". பிறந்த குழந்தைக்கு எப்படி அது பொருந்தும்? ஆதன் என்று வையுங்கள். நல்ல பழைய பெயர், சேர அரசர் பெயர்களில் நிற்பது. ஆதனார் என்று பதியவேண்டாம். "ஆர்" என்பது மற்றவர்கள் நமக்குக் கொடுப்பது, நாமே வைத்துக்கொள்வதில்லை.

இதற்குச் சான்று பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. புறநானூறு 72இல் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் சொல்லும்போது "மாங்குடி மருதன் தலைவன் ஆக" என்கிறான். மருதனார் இல்லை, மருதன். ஔவையார் புறநானூறு 99இல் பரணன் என்கிறார். நக்கீரர் அகநானூறு 78இல் "வாய்மொழிக் கபிலன்" என்கிறார். பிசிராந்தை தன்னை ஆந்தை என்றே சொல்லிக்கொள்வதை மேலே பார்த்தோம். பாட்டின் தலைப்பில்தான், அதாவது பாட்டைத் தொகுத்து "இதைப் பாடியவர் இன்னார்" என்று எழுதிய இடத்தில்தான், எல்லோருக்கும் ஆர் ஏறியிருக்கிறது.

இந்த ஆர் இன்று செத்துப்போகவில்லை. மாமன் + ஆர் = மாமனார். கீரன் + ஆர் = கீரனார். இரண்டிலும் நடப்பது ஒன்றே: அன் விகுதி அப்படியே நிற்க, அதன் மேல் பன்மை விகுதி மரியாதைக்காக ஏறுகிறது. தகப்பனார், தமையனார், கொழுந்தனார் எல்லாம் இப்படித்தான். மாமி + ஆர் = மாமியார்; நடுவில் ய் வருகிறது. காமக்கண்ணி + ஆர் = காமக்கண்ணியார், அதே ய். பிள்ளைகளுக்கு விகுதியைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது டீச்சர்.

ஒரு பிழையைத் தவிர்க்கவேண்டும். "ஆர்" ஆணா பெண்ணா என்று சொல்லாது. அதற்கு முன்னால் அன் இருந்தால் ஆண், இ அல்லது ஐ இருந்தால் பெரும்பாலும் பெண். ஆனால் ஆந்தையும் ஐயில்தான் முடிகிறது, அவர் ஆண். செம்புலப்பெயல்நீரார் மாதிரித் தொடர்ப்பெயர்களில் எதையும் முடிவு செய்ய வழியே இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பறவை விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாத்தந்தை என்றால் சாத்தனின் அப்பா என்றால், இன்றைய சாத்தப்பன் அதன் நேர் வாரிசு இல்லையா? தந்தை போய் அப்பன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கம் மாரியப்பன், பொன்னப்பன், செல்லப்பன் என்று எத்தனை அப்பன்கள்! டீச்சர் இன்றைய பெயர்க் கட்டத்தில் சாத்தப்பனை எழுதிவிடலாம்.

ஓமலூர் மல்லிகை

அது எப்படிங்க சரியாகும்? மாரியப்பன்னா மாரியோட அப்பான்னா அர்த்தம்? மாரியாத்தாவுக்கு யாரு அப்பா? பிறந்த குழந்தைக்கே செல்லப்பன்னு பேரு வைக்கிறோம், அதுக்கு எங்கே புள்ளை?

நீங்க தேடறது எங்க ஊர்ல தினமும் கேக்கற பேச்சுலயே இருக்குதுங்க. வீட்டுக்காரரைப் பேரு சொல்லிக் கூப்பிடாம "செல்வி அப்பா", "குமாரு அப்பா"ன்னு கூப்பிடறாங்கல்ல, அதுதான் சாத்தந்தை. மூத்த புள்ளை பேரு முன்னாடி, அப்பா பின்னாடி. வேகமாச் சொல்றப்ப "செல்வியப்பா"ன்னு ஒண்ணாவே ஆயிடுது. அம்மாவுக்கும் "செல்வியம்மா" உண்டு.

புள்ளிமயங்கியல்

மல்லிகை அம்மா சொன்னதுதான் சரி, எனக்கு இது தோன்றவே இல்லை. சாத்தப்பனில் அப்பன் என்பது சாத்தன் என்ற தெய்வத்தைக் கூப்பிடும் உரிமைச் சொல். முருகப்பன், மாரியப்பன் எல்லாம் அப்படி. பொன்னப்பன், செல்லப்பன் வாத்சல்யத்தில் வந்தவை. எதிலும் "இன்னாரின் தந்தை" என்ற பொருள் இல்லை. சாத்தந்தையில் அந்தப் பொருள் இருக்கிறது. சொல் ஒன்றுபோல இருந்தாலும் உறவு வேறு. "செல்வியப்பா"வில் சொல் வேறு, உறவு ஒன்று. டீச்சர், கட்டத்தில் "செல்வியப்பா" என்று எழுதுங்கள், பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

ஒரு வேறுபாட்டை மறக்கவேண்டாம். செல்வியப்பா வீட்டுக்குள் கூப்பிடும் பெயர், அவருக்கு வேறு சொந்தப் பெயர் உண்டு. பிசிராந்தை அரசனிடம் தூது அனுப்பும்போதே ஆந்தை என்கிறார். அவருக்கு மகன் பிறந்த பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டு நிலைத்த பெயரா, அல்லது ஆந்தை என்பது தந்தை என்ற பொருள் மங்கி, பிறந்தபோதே வைக்கும் பெயராக ஆகிவிட்டதா என்பதைப் பாட்டை மட்டும் வைத்துத் தீர்க்கமுடியாது. எயினந்தை மகனார் இளங்கீரனார் என்று ஒருவர் அகநானூற்றில் இருக்கிறார். எயினந்தை என்றால் எயினனின் தந்தை. அவருடைய இன்னொரு மகன் கீரன். மூத்தவன் எயினன், இளையவன் இளங்கீரன் என்று வைத்தால் கணக்குப் பொருந்துகிறது. ஆனால் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

கல்லெழுத்து

"ஆர்" பிற்காலத்தில் ஏறியது என்பதற்கு நம் கொங்குப் பக்கத்திலேயே கல்லில் சான்று இருக்கிறது. ஈரோடு பக்கம் அரச்சலூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று ஒருவர் பெயர் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பவர். புலவர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று இதே தொழிலில் வருகிறார்கள். கரூர் பக்கம் புகளூரில் "கருவூர் பொன்வாணிகன் நத்தி" என்று வெட்டியிருக்கிறது. ஊர், தொழில், பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரை அப்படியே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுக்கு ஒன்றுதான், கல்லில் "ஆர்" மட்டும் இல்லை. கொடுமணல் பானை ஓட்டிலும் கண்ணன் ஆதன் என்றுதான் கீறியிருக்கிறது.

தாத்தாவுக்கு ஒரு சொல்: ஆதன் கீழடியிலும் கிடைத்த பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஆதன், அதன், ஆத்தன் எல்லாம் ஒரே எழுத்தாகிவிடும். பிறப்புச் சான்றிதழில் தமிழ்ப் பெயரில் நெடில் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி தாத்தா

ஆதன் என்று மருமகளிடம் சொன்னேன், பிடித்திருக்கிறது. அப்பா பெயர் முன்னால் இனிஷியலாக வருமே, அந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? அந்தக் காலத்தில் அது கிடையாது அல்லவா?

புள்ளிமயங்கியல்

புள்ளி வைத்து ஒரே எழுத்தாகக் குறுக்குவது புதிது. அப்பா பெயரை முன்னால் வைப்பது மிகப் பழையது. டீச்சருடைய மூன்றாவது, நான்காவது கேள்விக்கும் இதுவே வழி.

தந்தைக்கு விதி சொன்ன அதே இடத்தில், மகனுக்கும் தொல்காப்பியம் சொல்கிறது. தந்தை பெயருக்குப் பின் மகன் பெயர் வந்தால், தந்தை பெயரின் "அன்" போய் நடுவில் "அம்" என்ற சாரியை வரலாம். உரையாசிரியர் காட்டும் உதாரணம் கொற்றங்கொற்றன், சாத்தங்கொற்றன். சாத்தனுடைய மகன் கொற்றன் என்று பொருள். அந்த அம், பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப மாறும். க வந்தால் அங், ச வந்தால் அஞ், ப வந்தால் அம்.

சேந்தம்பூதன்: சேந்தன் + அம் + பூதன். சேந்தன் மகன் பூதன். மதுரையில் எழுத்தாளன் வேலை பார்த்தவர். கருவூர்க் கண்ணம்புல்லனார்: கண்ணன் மகன் புல்லன். புறநானூறு 178இல் பாடப்படும் பாண்டியன் கீரஞ்சாத்தன்: கீரன் மகன் சாத்தன். இன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டால் கீ. சாத்தன்.

"வரலாம்" என்று சொன்னேன், கவனியுங்கள். அம் வராமலும் நிற்கும். கல்லெழுத்து சொன்ன தேவன் சாத்தன் அப்படி நிற்கிறது. ஈழத்துப் பூதன்தேவனார் அப்படி. ஆகவே அம் இல்லாததால் தந்தை பெயர் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மலைப்பாதை டீச்சர்

பிள்ளைகளிடம் இந்த விதியைக் கொடுத்து எட்டுப் பெயர்களைப் பிரிக்கச் சொன்னோம். அங், அஞ், அம் எங்கே கண்டாலும் தந்தை நிறம் பூசிவிட்டார்கள். வந்த விடை இது, பார்த்துச் சொல்லுங்கள்:

சேந்தம்பூதன்: சேந்தன் மகன் பூதன்.
கண்ணம்புல்லன்: கண்ணன் மகன் புல்லன்.
கீரஞ்சாத்தன்: கீரன் மகன் சாத்தன்.
இளங்கீரன்: இளன் மகன் கீரன்.
நலங்கிள்ளி: நலன் மகன் கிள்ளி.
மாங்குடி மருதன்: மான் மகன் குடி, பிறகு மருதன்.
செங்கண்ணன்: செங்கன் மகன் கண்ணன்.
உருத்திரங்கண்ணன்: உருத்திரன் மகன் கண்ணன்.

புள்ளிமயங்கியல்

முதல் மூன்றும் சரி. அடுத்த நான்கும் தவறு, ஆனால் பிள்ளைகள் விதியை நம்பிப் போட்டதால் வந்த தவறு. ங் என்ற ஒலி பல வழிகளில் வரும் என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டது என் குறை.

இளங்கீரனில் முன்னால் இருப்பது இளமை. கீரன் என்று இருவர் இருக்க, சின்னவரைப் பிரித்துக் காட்ட வந்தது. செங்கண்ணனில் செம்மை. நலங்கிள்ளியில் நலம். இந்த மூன்றுக்கும் சோதனை எளிது: ங்கை எடுத்துவிட்டு முன்னால் நிற்பதன் மேல் "அன்" போட்டுப் பாருங்கள். சேந்தன், கண்ணன், கீரன் எல்லாம் வேறு இடங்களிலும் ஆள் பெயராக வருகின்றன. இளன், செங்கன், நலன் என்று எந்தப் புலவரும் இல்லை. தனியாக ஆள் பெயராக வேறு எங்காவது கிடைத்தால்தான் தந்தை நிறம் பூசவேண்டும். மாங்குடியில் மா மரம், அது ஊர்ப் பெயர், அங்கே ஆளே இல்லை.

இளங்கீரன், பெருங்கண்ணன் வகைக்கு இன்றைய கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தால், சேலத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் விடை கிடைக்கும். பெரியண்ணன், சின்னண்ணன், பெரியசாமி, சின்னசாமி, சின்னத்தம்பி. இளம், பெரு போய் சின்ன, பெரிய வந்திருக்கின்றன. வேலை அதேதான்.

எட்டாவது, உருத்திரங்கண்ணன், பிள்ளைகள் சொன்னபடியே எழுதலாம்.

கல்லெழுத்து

அதில் எனக்கு உடன்பாடு இல்லை ஐயா. உருத்திரன் என்று தனி ஆள் பெயர் வேறு புலவர்களிடம் இருப்பதால் உங்கள் சோதனையில் அது தேறும் என்பது உண்மை. ஆனால் கண்ணன் என்பதை ஆள் பெயராக எடுக்காமல் கண் என்ற உறுப்பால் வந்ததாகவும் எடுக்கலாம். முடத்தாமக்கண்ணி, காமக்கண்ணி என்ற பெயர்களில் கண்ணி இருக்கிறது. அங்கே தாமன் மகள் கண்ணி, காமன் மகள் கண்ணி என்று யாரும் பிரிப்பதில்லை. உருத்திரங்கண்ணனை மட்டும் ஏன் அப்படிப் பிரிக்கவேண்டும்?

புள்ளிமயங்கியல்

தாமக்கண்ணி, காமக்கண்ணி இரண்டிலும் அம் இல்லை, க் இரட்டித்திருக்கிறது. உருத்திரங்கண்ணனில் ங் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன ஐயத்தை முழுவதும் தள்ளமுடியாது. டீச்சர், அந்தக் கட்டத்தில் இரண்டு பிரிப்பையும் எழுதி நடுவில் "அல்லது" போடுங்கள்.

அதைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது. அகநானூறு 250 பாடியவர் செல்லூர்கிழார் மகனார் பெரும்பூதங்கொற்றனார். பூதன் மகன் கொற்றன் என்பது வரை தெளிவு. முன்னால் உள்ள "பெரும்" யாருக்கு? பெரும்பூதன் என்ற அப்பாவுக்கா, பூதங்கொற்றன் என்ற மகனுக்கா? செல்லூர்கிழார்தான் அந்தப் பெரும்பூதன் என்றால் அப்பா இரண்டு முறை சொல்லப்படுகிறார். நான் அப்பாவுக்கே கொடுப்பேன்.

ஓமலூர் மல்லிகை

கிழார்னா வயசானவருங்களா?

கல்லெழுத்து

இல்லைங்க, கிழமை என்றால் உரிமை. கோவூர் கிழார் என்றால் கோவூரில் நிலவுரிமை உடையவர். வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அட்டவணையில் இதற்குத் தொழில் நிறம் கொடுக்கலாம்.

மலைப்பாதை டீச்சர்

மீதி நிற்பது நக்கீரன். நல்ல கீரன், நல் + கீரன் என்று எழுதியிருக்கிறோம்.

புள்ளிமயங்கியல்

பொருள் கிட்டத்தட்ட சரி, பிரிப்பு தவறு. நல் என்ற சொல்லுக்குப் பின் க வந்தால் ல் மாறி ற் ஆகும்: நற்கீரன். ச வந்தால் நற்செள்ளை, ப வந்தால் நற்பசலை. நமக்குக் கிடைத்திருப்பது நக்கீரன், நச்செள்ளை, நப்பசலை. எங்கும் ற் இல்லை, வரும் எழுத்தே இரட்டிக்கிறது. ஆகவே முன்னால் இருப்பது நல் இல்லை, வெறும் "ந". சிறப்பைக் காட்டும் ஓர் இடைச்சொல். கண்ணன் கதையில் வரும் நப்பின்னையிலும் இதுதான்.

நல் வரும் பெயர்களும் உண்டு, அவற்றைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். அள்ளூர் நன்முல்லையார் நல் + முல்லை. கச்சிப்பேட்டு நன்னாகையார் நல் + நாகை; அங்கே "ந" இருந்திருந்தால் நந்நாகை என்றிருக்கும்.

இன்றைய பெயர்களில் இந்த "ந" தனியாக உயிரோடு இல்லை. நக்கீரன் என்று பிள்ளைக்கு வைக்கிறோம், ஆனால் அது முழுப் பெயராக உறைந்துபோனது. புதிதாக யாரும் நக்குமரன், நச்செல்வன் என்று செய்வதில்லை. அந்த வேலையை நல், திரு, செந் என்ற சொற்கள் எடுத்துக்கொண்டன: நற்செல்வன், திருக்குமரன், செந்தமிழன்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பெண் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். ஒக்கூர் மாசாத்தியாரில் சாத்தன் சாத்தி ஆகிறது. பூதன் பூதி. எயினன் எயினி, குறமகள் இளவெயினி. இன்றைக்கும் செல்வன் செல்வி, அரசன் அரசி. ஆனால் இனியன் பெண்ணானால் இனியா என்கிறோம். அந்த ஆ புதிது.

புள்ளிமயங்கியல்

இதை ஏற்றுக்கொள்கிறேன், முழுவதும் சரி. சங்கப் பெண் பெயர்கள் இயில் முடியும், அல்லது செள்ளை, நக்கண்ணை மாதிரி ஐயில் முடியும். இனியனுக்கு அந்த வழியில் இனியள் அல்லது இனியை வரவேண்டும். ஐ முடிவு இன்று முல்லை, கோதை, மங்கை என்ற சில பெயர்களில்தான் பிழைத்திருக்கிறது.

சாத்தன், பூதன் இரண்டும் இவ்வளவு பரவலாக இருந்தும் ஏன் போயின என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாத்தன் என்று சொன்னால் இப்போது காதில் சாத்தான் விழுகிறது. பூதன் என்றால் பூதம். பொருள் கெட்டதால் போகவில்லை, பக்கத்தில் ஒத்த ஒலியுள்ள வேறு சொல் வந்து உட்கார்ந்ததால் போனது. ஆந்தைக்கும் அதே கதை. கீரன், மாறன், ஆதன் பக்கத்தில் அப்படி எதுவும் வரவில்லை, பிழைத்தன.

கல்லெழுத்து

ஊர் நிறத்துக்கு இன்றைய உதாரணம் ஒன்று நம் மாவட்டத்திலிருந்தே வைக்கலாம் டீச்சர். சேலம் இராமசாமி முதலியார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபோது உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டு, அவரைப் பழைய நூல்கள் பக்கம் திருப்பியவர். 1894இல் புறநானூறு அச்சில் வந்தது அந்தத் திருப்பத்தின் தொடர்ச்சிதான். ஊர், சொந்தப் பெயர், கடைசியில் முதலி + ஆர். பிசிராந்தையார் பெயருக்கு எத்தனை நிறம் வேண்டுமோ கிட்டத்தட்ட அத்தனையும் இதற்கும் பூசலாம்.

மலைப்பாதை டீச்சர்

முதல் வரிசையில் பிசிராந்தையார், அதற்கு எதிர்க் கட்டத்தில் சேலம் இராமசாமி முதலியாரும் செல்வியப்பாவும். உருத்திரங்கண்ணனுக்கு "அல்லது". பெரும்பூதங்கொற்றனில் "பெரும்" மட்டும் நிறம் பூசாமல் வெள்ளையாக விடுகிறோம். ஆந்தைப் படத்தை எடுத்துவிட்டோம், அதே இடத்தில் புறநானூறு 67இல் வரும் அன்னச் சேவலை வரைகிறார்கள்.

அஸ்தம்பட்டி தாத்தா

ஆதன் என்றே பதிவு செய்துவிட்டோம், நெடில் சரியாக இருக்கிறது. அவன் அப்பாவை இப்போதே வீட்டில் "ஆதன் அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஓமலூர் மல்லிகை

அப்ப உங்க மகன்தானுங்க அஸ்தம்பட்டி ஆந்தை!